ஒரே ஒரு புள்ளி கோட்டை இழுக்கும்போது: ஹியூபர் முறையில் கோடு பொருத்துவது எப்படி

ஒரு சுருள்வில்லில் 1 கிலோ முதல் 10 கிலோ வரை சுமையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் வில்லின் நுனி அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று சென்டிமீட்டரில் குறித்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பத்து அளவுகள் இவை: 3.2, 4.7, 7.1, 9.3, 10.8, 12.9, 15.2, 16.8, 19.1, 41.0.

கண்ணால் பார்த்தாலே விஷயம் தெரிகிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் நுனி ஏறத்தாழ 2 செ.மீ. இறங்குகிறது. கடைசி அளவு 21.0 ஆக இருந்திருக்க வேண்டும், எழுதும்போது 41.0 ஆகிவிட்டது. ஆனால் வழக்கமான மீச்சிறு வர்க்க முறையில் கோடு பொருத்தினால் கிடைக்கும் சாய்வு 3.09, வெட்டுத்துண்டு −2.97. அந்த ஓர் அளவைச் சரியாக 21.0 என்று வைத்தால் சாய்வு 2.00, வெட்டுத்துண்டு 1.03. பத்தில் ஒரு புள்ளி, சாய்வையே ஒன்றரை மடங்காக்கிவிட்டது.

இந்தப் பத்து எண்களை வைத்தே ஹியூபர் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். பிறகு அதே எண்களில் ஒரு சிறு மாற்றம் செய்து, அந்த முறை எங்கே கைவிட்டுவிடும் என்பதையும் பார்ப்போம். அந்த இரண்டாவது பகுதியைத் தவிர்க்காமல் படியுங்கள். ஹியூபர் முறையைப் பயன்படுத்தத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான்.

முதலில்: கோடு ஏன் இழுபடுகிறது?

அளந்த மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எச்சம் என்கிறோம். மீச்சிறு வர்க்க முறை, எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேடுகிறது. வெட்டுத்துண்டு உள்ள கோட்டில் இதற்கு ஒரு விளைவு உண்டு: எச்சங்களை எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும்.

நம் கணக்கில் 10 கிலோ புள்ளியின் எச்சம் +13.1. அப்படியானால் மீதி ஒன்பது நல்ல புள்ளிகளும் சேர்ந்து −13.1 தந்தாக வேண்டும். கோடு அவற்றின் நடுவே போவதை விட்டுவிட்டு, வலது பக்கம் அவற்றுக்கு மேலே ஏறுவது இதனால்தான். 9 கிலோ புள்ளி சரியாக அளக்கப்பட்டது. ஆனால் அதன் எச்சம் −5.7 என்று வருகிறது. அது எந்தத் தவறும் செய்யவில்லை, பக்கத்துப் புள்ளிக்கு ஈடு கொடுக்கிறது, அவ்வளவுதான்.

"எச்சம் பெரிதாக இருக்கும் புள்ளியை நீக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்கத் தோன்றும். இந்தத் தரவிலேயே அதைச் செய்து பாருங்கள். எச்சங்களின் திட்டவிலக்கத்தை வழக்கப்படி (வர்க்கங்களின் கூட்டுத்தொகையை 8-ஆல் வகுத்து) கணித்தால் 5.73 வருகிறது. 13.1-ஐ அதனால் வகுத்தால் 2.29. மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் இருந்தால் நீக்கு என்ற பழக்கமான விதிப்படி 41.0 தப்பித்துவிடுகிறது! தவறான புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துத் தன் எச்சத்தைக் குறைத்துக்கொண்டது. அதே நேரம் எல்லா எச்சங்களையும் பெருக்கித் திட்டவிலக்கத்தையும் ஊதிவிட்டது. தன்னை அளக்கும் அளவுகோலையே அது நீட்டிவிட்டதால் அந்த விதி இங்கே வேலை செய்யவில்லை.

ஹியூபர் செய்த மாற்றம்

பீட்டர் ஹியூபர் 1964-இல் முன்வைத்த யோசனை, இழப்புச் சார்பை ஓர் எல்லைவரை மட்டும் வர்க்கமாக வைத்திருப்பது. எச்சம் `r`, எல்லை `c` என்றால்:

```
|r| <= c :  r^2 / 2
|r| >  c :  c*|r| - c^2 / 2
```

எல்லைக்குள் பழைய வர்க்க இழப்பு. எல்லையைத் தாண்டினால் நேர்கோடாக ஏறும் இழப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மதிப்பும் சாய்வும் ஒன்றாகவே இருப்பதால் மடிப்பு எதுவும் இல்லை.

சூத்திரத்தைவிட அதன் விளைவை மனதில் வைத்துக்கொள்வது எளிது. ஒரு புள்ளி கோட்டை இழுக்கும் விசை எச்சத்துக்குச் சமமாக ஏறிக்கொண்டே போகாது, `c`-யில் நின்றுவிடும். எச்சம் 13 ஆனாலும் சரி, 1300 ஆனாலும் சரி, இழுப்பு `c` மட்டுமே. புள்ளி நீக்கப்படவில்லை. அதன் குரல் கேட்கிறது, ஆனால் ஓர் அளவுக்கு மேல் உயராது.

இதையே எடையாகவும் சொல்லலாம். எல்லைக்குள் இருக்கும் புள்ளிக்கு எடை 1. வெளியே இருக்கும் புள்ளிக்கு எடை `c/|r|`. கணினி உள்ளே செய்வது இந்த எடைகளை வைத்து வழக்கமான கோட்டுப் பொருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

எல்லையை எப்படி வைப்பது?

கேள்வி எல்லாம் `c` எவ்வளவு என்பதில் இருக்கிறது. அதை நேரடியாகச் சென்டிமீட்டரில் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. ஆகவே `c = k × s` என்று இரண்டாகப் பிரிக்கிறோம். `s` என்பது நல்ல புள்ளிகளின் வழக்கமான சிதறல், `k` என்பது அதைப்போல் எத்தனை மடங்கு என்பது.

`k`-க்கு வழக்கமான மதிப்பு 1.345. பிழைகள் உண்மையிலேயே இயல்நிலைப் பரவலில் இருந்து, விலகிய புள்ளிகளே இல்லாதபோதும்கூட, இந்த மதிப்பில் ஹியூபர் முறை மீச்சிறு வர்க்க முறையின் திறனில் 95 சதவீதத்தைத் தருகிறது. `k`-யை மிகப் பெரிதாக்கினால் பழைய முறைக்கே திரும்பிவிடுவோம். மிகச் சிறிதாக்கினால் எச்சங்களின் தனிமதிப்புகளைக் கூட்டிக் குறைக்கும் முறையை நெருங்குவோம்.

`s`-க்குத் திட்டவிலக்கத்தைப் போடக்கூடாது. அது எப்படி ஊதிப்போகிறது என்று இப்போதுதான் பார்த்தோம். அதற்குப் பதில் எச்சங்களின் தனிமதிப்புகளை வரிசைப்படுத்தி, அவற்றின் இடைநிலையை எடுத்து, 0.6745-ஆல் வகுக்கிறோம். இயல்நிலைப் பரவலில் இப்படிக் கிடைப்பது திட்டவிலக்கத்துக்குச் சமம், அதற்காகத்தான் அந்த வகுத்தல். கடைசிப் புள்ளியின் எச்சம் 13-க்குப் பதில் ஆயிரம் ஆனாலும் வரிசையில் அது கடைசி இடத்தில்தான் நிற்கும். இடைநிலை அசையாது.

கையால் ஒரு சுற்று

மென்பொருளைத் தொடும் முன் ஒரு சுற்றைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒருமுறை செய்துவிட்டால், பிறகு திரையில் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் குழப்பமே இருக்காது.

முதல் கோட்டின் எச்சங்களைத் தனிமதிப்பில் வரிசையாக வைத்தால்: 0.08, 0.81, 1.49, 1.67, 2.65, 3.08, 3.44, 4.93, 5.71, 13.1. நடுவில் இருக்கும் இரண்டின் சராசரி 2.87. அதை 0.6745-ஆல் வகுத்தால் `s` = 4.25. எல்லை 1.345 × 4.25 = 5.72. இதைத் தாண்டுவது 13.1 மட்டும்தான். அதன் எடை 5.72 / 13.1, அதாவது 0.44. மற்ற எல்லாவற்றுக்கும் எடை 1. (9 கிலோ புள்ளி மயிரிழையில் எல்லைக்குள் நின்றுவிட்டது. அது எல்லையைத் தாண்டியிருந்தாலும் கவலையில்லை, அடுத்த சுற்றில் உள்ளே வந்துவிடும்.)

இந்த எடைகளோடு மறுபடி கோடு பொருத்தினால் சாய்வு 2.59. இன்னும் தவறுதான், ஆனால் கோடு நல்ல புள்ளிகளை நோக்கி இறங்கிவிட்டது. அதனால் அவற்றின் எச்சங்கள் சுருங்குகின்றன, இடைநிலை சுருங்குகிறது, எல்லையும் சுருங்குகிறது. புதிய எல்லை 3.22. இதற்குள் 10 கிலோ புள்ளியின் எச்சம் 16.3 ஆக வளர்ந்துவிட்டது, எடை 0.20-க்கு இறங்குகிறது. அடுத்தடுத்த சுற்றுகள் இப்படிப் போகின்றன:

```
சுற்று   சாய்வு   10 கிலோ புள்ளிக்கு அடுத்த எடை
  0      3.09     0.44
  1      2.59     0.20
  2      2.29     0.09
  3      2.14     0.04
  4      2.07     0.03
  5      2.04     0.03
```

அதற்குப் பிறகு எண்கள் அசைவதில்லை. நிற்கும் இடம்: சாய்வு 2.04, வெட்டுத்துண்டு 0.88, தவறான புள்ளியின் எடை 0.026. ஆரம்பத்தில் 13.1 அளவுக்கு இழுத்த புள்ளி, இப்போது 0.52 அளவுக்குத்தான் இழுக்கிறது.

சாய்வு ஏன் சரியாக 2.00 ஆகவில்லை என்று கேட்டால், காரணம் அந்த 0.52 தான். ஹியூபர் முறையில் எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒரு புள்ளியின் இழுப்பு `c`-க்குக் கீழே இறங்குவதில்லை. இங்கே அது பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் பத்தில் மூன்று புள்ளிகள் ஒரே பக்கமாக விலகியிருந்தால் மூன்றும் சேர்ந்து இழுக்கும், கோடு கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்துவிடும். நம் பிரச்சினை "ஒரு சில புள்ளிகள்" என்பதுவரைதான் இந்த முறை.

கணினியில்

பைத்தானில் `statsmodels` நாம் கையால் செய்ததையே செய்கிறது. பூஜ்யத்தை மையமாக வைத்த அதே இடைநிலைச் சிதறல், அதே 1.345.

```python
import numpy as np
import statsmodels.api as sm

x = np.arange(1, 11)
y = np.array([3.2, 4.7, 7.1, 9.3, 10.8,
              12.9, 15.2, 16.8, 19.1, 41.0])
X = sm.add_constant(x)

ols = sm.OLS(y, X).fit()
hub = sm.RLM(y, X, M=sm.robust.norms.HuberT(t=1.345)).fit()

print(ols.params, hub.params)
print(hub.scale)
print(hub.weights.round(3))
```

கடைசி வரியை ஒருபோதும் விடாதீர்கள். `hub.weights` தான் உங்களுக்கு உண்மையில் வேண்டிய தகவல். பத்து எடைகளில் ஒன்பது 1 ஆகவும் ஒன்று 0.026 ஆகவும் இருந்தால் கதை தெளிவு: அந்த ஒரு வரியைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் மூலக் குறிப்பேட்டில் சரிபாருங்கள். எடை குறைந்த புள்ளிகள் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், விஷயம் விலகிய புள்ளிகளாக இல்லாமல் போகலாம். உறவே நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கலாம், அல்லது இரண்டு வேறு குழுக்கள் கலந்திருக்கலாம். எடை குறைந்தவை எல்லாம் `x`-இன் ஒரு முனையில் குவிந்திருக்கின்றனவா என்று வரைபடத்தில் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

`sklearn`-இல் உள்ள `HuberRegressor`-உம் நல்ல கருவிதான். அது சிதறலை இடைநிலையிலிருந்து எடுக்காமல் சாய்வோடு சேர்த்தே கணிக்கிறது, இயல்பாகச் சிறிது சுருக்கமும் (`alpha`) சேர்க்கிறது. ஆகவே விடை `statsmodels`-இலிருந்து வேறுபட்டால் பதற வேண்டாம்.

வேறு ஒன்றில்தான் கவனம் வேண்டும். `torch.nn.HuberLoss`-இல் `delta` என்பதும், `scipy.optimize.least_squares`-இல் `loss='huber'` போடும்போது `f_scale` என்பதும், `k` அல்ல. அவை `c`. அதாவது உங்கள் தரவின் அலகிலேயே உள்ள எல்லை. இரண்டிலும் இயல்பு மதிப்பு 1.0. உங்கள் எச்சங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளும் எல்லைக்கு வெளியே போய்விடும். எல்லாமே 0.01 அளவில் இருந்தால் கொஞ்சம் விலகிய புள்ளிகூட உள்ளேயே இருந்துவிடும், ஹியூபர் போட்டும் மீச்சிறு வர்க்க விடையே வரும். நானும் ஒருமுறை மீட்டரில் இருந்த அளவுகளை மில்லிமீட்டருக்கு மாற்றிய பிறகு விடை மாறியதைக் கண்டு, அரை நாள் தரவில் தவறு தேடியிருக்கிறேன். தவறு தரவில் இல்லை, மாற்றாமல் விட்ட `delta`-வில் இருந்தது. அலகை மாற்றி ஓட்டிப் பார்த்து, சாய்வு அதற்கேற்ப மட்டும் மாறுகிறதா என்று சோதித்தால் இது உடனே தெரிந்துவிடும்.

ஹியூபர் கைவிடும் இடம்

இப்போது அதே பத்து அளவுகள். இந்த முறை கடைசி அளவைச் சரியாக 21.0 என்றே எழுதிவிட்டோம். ஆனால் சுமையை 10 என்பதற்குப் பதில் 30 என்று எழுதிவிட்டோம். தவறு `y`-யில் இல்லை, `x`-இல்.

மீச்சிறு வர்க்கக் கோட்டின் சாய்வு 0.55. உண்மையான சாய்வில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சரி, ஹியூபர் என்ன சொல்கிறது?

அதே 0.55. ஓர் இம்மிகூட மாறவில்லை, எல்லா எடைகளும் 1.

காரணத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் கோட்டில் தவறான புள்ளியின் எச்சம் −3.46 தான். நல்ல புள்ளிகளில் 9 கிலோவின் எச்சம் 6.26, 1 கிலோவின் எச்சம் −5.21. ஐந்து நல்ல புள்ளிகள் தவறான புள்ளியைவிடக் கோட்டிலிருந்து தள்ளி நிற்கின்றன! இடைநிலை 3.46, `s` = 5.13, எல்லை 6.91. யாருமே எல்லையைத் தாண்டவில்லை. ஹியூபருக்குச் செய்ய வேலையே இல்லை.

சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லாம் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் நீண்ட பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தால், அவர் லேசாக அழுத்தினாலே பலகை அவர் பக்கம் சாயும். ஹியூபர் அழுத்தத்துக்குத்தான் வரம்பு வைக்கிறது, உட்காரும் தூரத்துக்கு அல்ல. இந்தத் தூரத்தின் செல்வாக்கை லிவரேஜ் என்கிறார்கள். 0-க்கும் 1-க்கும் இடையில் வரும் ஓர் எண்ணாக அதைக் கணிக்கலாம்.

```python
x2 = np.array([1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 30])
y2 = y.copy()
y2[-1] = 21.0

fit2 = sm.OLS(y2, sm.add_constant(x2)).fit()
print(fit2.get_influence().hat_matrix_diag.round(3))
```

தவறான புள்ளிக்கு 0.913 வரும். அடுத்த பெரிய மதிப்பு 1 கிலோ புள்ளியின் 0.168. சராசரி எப்போதும் மதிப்பிடும் குணகங்களின் எண்ணிக்கையைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தது, இங்கே 2/10 = 0.2. ஒரு புள்ளி 0.9-ஐத் தாண்டினால், கோடு கிட்டத்தட்ட அதன் வழியாகத்தான் போகும் என்று பொருள். முதல் உதாரணத்தில் 10 கிலோ புள்ளிக்கு இந்த எண் 0.345 தான், நேரெதிர் முனையில் இருந்த 1 கிலோ புள்ளிக்கும் அதே அளவு. அதனால்தான் அங்கே ஹியூபர் சமாளித்தது.

ஆகவே என் வரிசை இப்படி: முதலில் லிவரேஜைப் பார்ப்பேன், அப்புறம்தான் ஹியூபர். ஹியூபர் விடையும் மீச்சிறு வர்க்க விடையும் ஒத்துப்போவதை "விலகிய புள்ளிகள் இல்லை" என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இரண்டும் சேர்ந்தே ஏமாந்திருக்கலாம், இப்போது பார்த்தது போல.

லிவரேஜ் பெரிதாக இருந்து, அந்த `x` மதிப்பைச் சரிபார்க்கவும் வழியில்லை என்றால், வேறு முறை வேண்டும். ஒரே ஒரு `x` இருக்கும்போது மிக எளியது தைல்–சென் முறை: எல்லா இரட்டைப் புள்ளிகளுக்கும் சாய்வு கண்டு, அவற்றின் இடைநிலையை எடுப்பது.

```python
from scipy.stats import theilslopes
print(theilslopes(y2, x2)[0])
```

`y` முதலில், `x` அடுத்து என்ற வரிசையைக் கவனியுங்கள். பத்துப் புள்ளிகளில் 45 இரட்டைகள். தவறான புள்ளி அவற்றில் 9-இல் மட்டும்தான் வருகிறது, அந்த ஒன்பது சாய்வுகளும் 1-க்குக் கீழே ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. இடைநிலை 1.95 என்று வருகிறது. பல `x`-கள் இருந்தால் எம்எம் மதிப்பீடு என்ற முறை ஏற்றது. `R`-இல் `MASS` தொகுப்பின் `rlm`-க்கு `method = "MM"` என்று கொடுத்தால் போதும்.

எதிர்மாறாக, லிவரேஜ் பெரிதாக இருக்கும் எல்லாப் புள்ளியும் தவறானதும் அல்ல. உண்மையிலேயே 30 கிலோ தொங்கவிட்டு 61 செ.மீ. அளந்திருந்தால், அது சாய்வை மிகத் துல்லியமாகச் சொல்லும் அருமையான புள்ளி. அதனால்தான் எண்ணைப் பார்த்து நீக்காமல், அந்த ஒரு வரியின் மூலத்தைத் தேடிப் போகச் சொல்கிறேன்.

விலகியவை உண்மையாக இருந்தால்?

மேலே இரண்டு உதாரணங்களிலும் விலகிய புள்ளி எழுத்துப் பிழை. தரவு இயல்பிலேயே ஒரு பக்கம் நீண்டிருந்தால், உதாரணமாகக் காத்திருப்பு நேரம் அல்லது சேதத்தின் அளவு, அந்தப் பெரிய மதிப்புகள் பிழை அல்ல. அங்கே ஹியூபர் கோடு சராசரியைவிட இடைநிலையின் பக்கம் சாயும், கணிப்புகளைக் கூட்டினால் உண்மையான மொத்தத்துக்குக் குறைவாகவே வரும். வழக்கமான ஒன்றைக் கணிக்க வேண்டுமென்றால் அது சரி. மொத்தத்தைக் கணிக்க வேண்டுமென்றால் அங்கே ஹியூபரைப் போடாதீர்கள்.